நாவலில் டிராகுலா பகலில் நடமாடுகிறான்: வெயில், பூண்டு, கடி... எந்த விதி எங்கே தொடங்கியது?

வெண்ணிலா_ஆரணி

வணக்கம். இத்தனை நாள் சினிமாவில் மட்டுமே பார்த்த டிராகுலாவை இப்போதுதான் புத்தகமாகப் படித்து முடித்தேன். 1897இல் வந்த பிராம் ஸ்டோக்கரின் மூல நாவல். படித்ததிலிருந்து தலைக்குள் மூன்று கேள்விகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன.

முதலாவது, வெயில். செப்டம்பர் 22ஆம் தேதிக் குறிப்பில் மீனாவும் ஜோனதனும் லண்டன் பிக்காடில்லி தெருவில் நடந்து போகிறார்கள். பட்டப்பகல். அங்கே டிராகுலா நின்றுகொண்டு, வண்டியில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணையே உற்றுப் பார்க்கிறான். அவன் மேல் எதுவும் பற்றி எரியவில்லை. அப்படியானால் வெயில் பட்டால் சாம்பலாகிவிடுவான் என்று எல்லாப் படத்திலும் காட்டுகிறார்களே, அது எங்கிருந்து வந்தது?

இரண்டாவது, பூண்டு. அது வேலை செய்கிறதா இல்லையா? லூசியைச் சுற்றிப் பூண்டுப் பூவை அவ்வளவு வைத்தும் அவள் செத்துத்தான் போகிறாள்.

மூன்றாவதுதான் என்னைத் தூங்கவிடாதது. லூசியையும் கடிக்கிறான், மீனாவையும் கடிக்கிறான். லூசி காட்டேரி ஆகிவிடுகிறாள், மீனா ஆகவில்லை. ஹாம்ப்ஸ்டெட்டில் லூசி கடித்த குழந்தைகளுக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒரு கடிக்கு என்னதான் அர்த்தம்?

தெரிந்தவர்கள் விளக்குங்கள்.

கடல்நுரை

இதற்கு அறிவியல் விடை உண்டு தோழி. போர்பிரியா என்று ஒரு ரத்த நோய். வெயில் பட்டால் தோல் வெந்துவிடும், ஈறு சுருங்கிப் பல் நீளமாகத் தெரியும், பூண்டு சாப்பிட்டால் நோய் கூடும். அந்தக் காலத்தில் அந்த நோயாளிகளைப் பார்த்துப் பயந்துதான் இந்தக் கதைகளையே கட்டினார்கள். 1985இல் டேவிட் டால்பின் என்ற கனடா விஞ்ஞானியே இதைச் சொல்லியிருக்கிறார். வெயிலுக்கும் பூண்டுக்கும் சேர்த்து ஒரே விடை.

பழைய பிரதி

டால்பின் அப்படிச் சொன்னது உண்மை. ஆனால் அந்தக் கருத்து நிற்கவில்லை. காரணத்தை வெண்ணிலாவின் முதல் கேள்வியே சொல்கிறது. பழைய கதைகளில் வெயில் யாரையும் கொல்லவே இல்லை. இல்லாத அறிகுறிக்கு எதற்கு நோய் தேட வேண்டும்?

1819இல் வெளிவந்த ஜான் பாலிடோரி கதையின் லார்ட் ரூத்வென் லண்டன் விருந்துகளில் எல்லோரோடும் சகஜமாகப் பழகுகிறவன். குண்டடிபட்டுச் செத்த அவனை நிலா வெளிச்சம் எழுப்பிவிடுகிறது. அங்கே வெளிச்சம் என்றால் மருந்து. 1872இல் வந்த லெ ஃபானுவின் கார்மில்லா மதியத்துக்கு மேல்தான் எழுந்து வருவாள், சோர்வாக இருப்பாள், ஆனால் வெளியே நடப்பாள், பேசுவாள்.

டிராகுலாவும் அந்த வரிசைதான். ஸ்டோக்கர் வான் ஹெல்சிங்கின் வாயால் விதியைச் சொல்லிவிடுகிறார்: விடிந்ததும் அவனுடைய சக்தி நின்றுவிடும். உயிர் போகாது, சக்திதான் போகும். பகலில் உருவம் மாற வேண்டுமென்றால் சூரியன் உதிக்கும் கணம், உச்சிப்பொழுது, மறையும் கணம், இந்த மூன்றில்தான் முடியும். அதுவும் தனக்குரிய இடத்தில் இல்லாதபோது.

அந்த விதி வேலை செய்வதை அக்டோபர் 3ஆம் தேதிக் காட்சியில் பாருங்கள். அவனுடைய பிக்காடில்லி வீட்டில் வான் ஹெல்சிங்கும் ஜோனதனும் மற்றவர்களும் காத்திருக்கிறார்கள். பன்னிரண்டே முக்காலுக்கு அவன் கார்ஃபாக்ஸிலிருந்து கிளம்பிவிட்டான் என்று மீனாவின் தந்தி வருகிறது. வந்து சேருகிறான். ஜோனதன் குக்ரிக் கத்தியால் வீச, அவனுடைய கோட்டு கிழிந்து நோட்டும் பொற்காசுமாகக் கொட்டுகிறது. இதுவே இரவாக இருந்தால் புகையாகக் கரைந்து கதவிடுக்கில் போயிருப்பான். பகல் என்பதால் ஒரு சாதாரணத் திருடனைப் போலக் கீழே கிடந்த காசை ஒரு கை அள்ளிக்கொண்டு, ஜன்னல் கண்ணாடியை உடைத்துக் குதித்து ஓடுகிறான். உச்சிப்பொழுதும் தாண்டிவிட்டது, சூரியன் மறைய இன்னும் நேரமிருக்கிறது. நடுவில் மாட்டிக்கொண்டான்.

எனக்கு இந்த விதிதான் வெயிலில் எரியும் விதியைவிடப் பிடிக்கும். எரிகிற காட்டேரிக்குப் பகலில் பெட்டிக்குள் படுத்திருப்பதைத் தவிர வேறு வேலை இருக்காது. இவனோ பகலில் நம் பக்கத்திலேயே நிற்கலாம், நமக்கு அடையாளம் தெரியாது.

மதி_திருச்சி

போர்பிரியா பேச்சு வந்ததால் எழுதுகிறேன். எனக்கு லூபஸ் இருக்கிறது, ஏழெட்டு வருடமாக மாத்திரையில் இருக்கிறேன். வெயில் ஆகாது. அலுவலகத்தில் ஜன்னல் ஓரம் உட்கார மாட்டேன், குடையில்லாமல் கீழே டீ குடிக்கப் போக மாட்டேன். "டிராகுலா மேடம்" என்று கூப்பிட்டவர்கள் உண்டு. அதனால் இந்த "நோயாளிகளைப் பார்த்துத்தான் கதை கட்டினார்கள்" என்பதைக் கேட்டால் எனக்கு வலிக்கும்.

வெயில் ஒத்துக்கொள்ளாத உடம்பு எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். எனக்குப் பட்டவுடன் எதுவும் தெரியாது. மறுநாளோ அதற்கடுத்த நாளோதான் கன்னத்தில் தடிப்பு வரும், மூட்டு வலிக்கும், காய்ச்சல் மாதிரி அடிக்கும். கண்ணாடி ஜன்னல் வழியாக வருவதும் சேர்த்துத்தான். போர்பிரியாவில் சில வகைகளில் சில நிமிடத்திலேயே எரிச்சல் தொடங்கிவிடும், சில வகைகளில் கொப்புளம் வரும் என்று என் மருத்துவர் சொல்லியிருக்கிறார். ஆனால் ரத்தம் குடித்தால் அந்த நோய்க்கு ஒரு பயனும் இல்லை. குடித்த ரத்தம் வயிற்றில் செரித்துப் போகும், அவ்வளவுதான்.

இந்த மாதிரி உடம்போடு இருப்பவர்களைப் பார்த்து "ரத்தம் தேவைப்படுமா?" என்று நிஜமாகவே கேட்கிறார்கள். அதற்காகவாவது இந்த விளக்கத்தைப் பகிராமல் இருங்கள் கடல்நுரை.

கடல்நுரை

உங்களைப் புண்படுத்த எழுதவில்லை மேடம். ஆனால் நெருப்பில்லாமல் புகையாது. வெளிறிய முகம், பகலில் வெளியே வராமை, இவையெல்லாம் எங்கிருந்தோ வந்திருக்க வேண்டும் அல்லவா?

பழைய பிரதி

வெளிறிய முகமும் எழுத்தாளர்கள் கொடுத்ததுதான். கிராமத்தில் சொன்னது நேர் எதிர். செர்பியாவில் 1725இலும் 1732இலும் ஆஸ்திரிய அதிகாரிகள் எழுதிய அறிக்கைகளில் தோண்டி எடுத்த உடம்புகள் உப்பி, சிவந்து, வாயோரம் ரத்தத்தோடு இருக்கின்றன. நோஞ்சானாக ஒன்றுகூட இல்லை. நன்றாகச் சாப்பிட்டுக் கொழுத்தது போல் இருக்கிறதே என்பதுதான் அந்த ஊர்க்காரர்களின் பயமே. அழுகும் உடம்பில் வாயு சேர்ந்து வயிறு உப்பும், உள்ளே இருக்கும் திரவம் மூக்கு வாய் வழியாக வெளியே தள்ளப்படும். 1988இல் பால் பார்பர் இதை ஒரு புத்தகமாகவே எழுதினார். நீங்கள் கேட்கிற நெருப்பு அந்தக் குழிக்குள்தான் இருந்தது.

ரீல்பெட்டி

வெயில் விதி 1922இல் வந்த ஜெர்மன் மௌனப்படம் நோஸ்ஃபெராட்டுவில் தொடங்கியது என்பார்கள். இயக்குநர் முர்னாவ். கடைசிக் காட்சியில் சேவல் கூவி, சூரிய ஒளி பட்டு ஆர்லாக் பிரபு மறைந்து போவான். சரி. ஆனால் நான் அந்தப் படத்தை இணையத்தில் பார்த்தேன். அதே ஆர்லாக் தன் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் நல்ல வெளிச்சத்தில் நடந்து போகிறான். சுவரில் வெயில் அடிக்கிறது. அப்படியென்றால் அந்தப் படத்திலேயே அவர்களுக்கு இந்த விதி தெளிவாக இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

பழைய பிரதி

ரீல்பெட்டி பார்த்தது வண்ணம் ஏற்றாத பிரதியாக இருக்கும். அன்றைய கேமராவையும் பிலிமையும் வைத்துக்கொண்டு இரவில் தெருவைப் படம்பிடிப்பது பெரும்பாடு. அதனால் பகலிலேயே எடுத்துவிட்டு, திரையிடும் பிரதியில் இரவுக் காட்சிகளுக்கு நீலச் சாயம் ஏற்றுவார்கள். விளக்கெரியும் அறைக்கு மஞ்சள், விடியலுக்கு இளஞ்சிவப்பு. 1922இல் பார்த்தவர்களுக்கு அவன் பெட்டி தூக்கிப் போனது நீல நிற இரவு. பிற்பாடு வெறும் கறுப்பு வெள்ளையாக எடுத்த பிரதிகளில் அந்தச் சாயம் போய்விட்டது, இரவு பகலாகிவிட்டது. மீட்டெடுத்த பிரதி ஒன்றைத் தேடிப் பாருங்கள், நடு ஊரில் அவன் நடப்பது நீலமாகத்தான் இருக்கும்.

அந்தப் படத்தின் விதி தெளிவானதுதான். மனத் தூய்மையுள்ள ஒரு பெண் தன்னையே கொடுத்து, சேவல் கூவுவது காதில் விழாதபடி அவனை மறக்கடிக்க வேண்டும். எலன் அதைச் செய்கிறாள். ஒளி படுகிறது, புகையாகிவிடுகிறான். எலனும் இறந்துபோகிறாள். வெயில் இங்கே யார் வேண்டுமானாலும் கையில் எடுக்கக்கூடிய ஆயுதம் இல்லை. ஒருத்தி உயிர் கொடுத்து வாங்கியது. 1958இல் வந்த பிரிட்டிஷ் படத்தில் அது எளிதாகிவிட்டது. வான் ஹெல்சிங் மேசை மேல் ஓடித் திரையைக் கிழிக்கிறார், இரண்டு மெழுகுவர்த்தித் தண்டுகளைச் சிலுவையாகப் பிடித்து அவனை ஒளிக்குள் தள்ளுகிறார், கிறிஸ்டோபர் லீ தூசியாகிறார். நாம் இன்று "விதி" என்று நினைப்பது இந்த இரண்டாவது வடிவத்தைத்தான்.

இன்னொரு விஷயம். நோஸ்ஃபெராட்டுவில் கடிபட்ட யாரும் காட்டேரி ஆவதில்லை. ஊரே கொள்ளைநோயில் சாகிறது, எலிகள் வருகின்றன, சவப்பெட்டிகள் வரிசையாகப் போகின்றன. அத்தோடு சரி. ஸ்டோக்கர் குடும்பத்திடம் உரிமை வாங்காமல் எடுத்த டிராகுலா அது. அவருடைய மனைவி ஃப்ளோரன்ஸ் வழக்குப் போட்டுப் பிரதிகளை அழிக்கத் தீர்ப்பும் வாங்கினார். கதையைத் திருடியவர்கள்கூட கடியின் விதியைத் திருடவில்லை.

எண்கணிதன்

திருடாததற்குக் காரணம் இருக்கலாம். கடித்தால் காட்டேரி என்ற விதி கணக்கில் நிற்காது. ஒரு காட்டேரி, மாதத்துக்கு ஒரே ஒருவரைக் கடிக்கிறது, கடிபட்டவரும் காட்டேரி ஆகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் மாதம் 2, அடுத்து 4, அடுத்து 8. இரட்டித்துக்கொண்டே போனால் 33ஆவது மாதத்தில் ஏறத்தாழ 859 கோடி. உலக மக்கள்தொகை 800 கோடிச் சொச்சம். மூன்று வருடத்துக்குள் கடிக்க ஆளே இருக்காது. நானூறு வருடம் வாழ்ந்த பிரபு என்று ஒருவன் இருக்கவே முடியாது.

வெண்ணிலா_ஆரணி

இதுதான், இதுதான் என் கேள்வி! அப்படியானால் ஸ்டோக்கர் இந்தக் கணக்கை எப்படிச் சமாளித்தார்?

பழைய பிரதி

நாவலில் கடி என்பது ஒரு நாள் வேலை இல்லை. லூசியின் தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் புரியும்.

விட்பியில் ஆகஸ்ட் 10ஆம் தேதி இரவு தூக்கத்தில் நடந்து போனவளை முதல் தடவை கடிக்கிறான். அவள் சாவது செப்டம்பர் 20. நாற்பது நாள். இடையில் தேறுகிறாள், மறுபடி வெளிறுகிறாள். ஆர்தர், செவர்ட், வான் ஹெல்சிங், குவின்ஸி என்று நான்கு ஆண்களின் ரத்தம் அடுத்தடுத்து அவளுக்கு ஏற்றப்படுகிறது. கடைசி நாள் காலையில் செவர்ட் பார்க்கும்போது கழுத்திலிருந்த காயங்கள் அடியோடு மறைந்துவிட்டன, பல் நீண்டுவிட்டது. அவள் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்விட்டாள் என்பதற்கு அதுதான் அடையாளம். ஆறாத காயம் இருக்கும்வரை அவள் மனுஷி. காயம் இல்லாமல் போனால் இனி இல்லை.

அந்தக் குழந்தைகளுக்கு என்ன ஆகும் என்பதையும் வான் ஹெல்சிங் கல்லறையில் நின்று சொல்லிவிடுகிறார். லூசி நடமாடும்வரை அவர்கள் அவளிடம் திரும்பத் திரும்பப் போய் ரத்தம் இழப்பார்கள். அவள் உண்மையாகச் செத்துவிட்டால் கழுத்துக் காயம் மறைந்து, எதுவும் தெரியாமல் விளையாடப் போய்விடுவார்கள். இரையாகிச் சாகிறவர்கள்தான் காட்டேரியாகிறார்கள். கடித்தவன் முதலில் அழிந்தால் கடி செல்லாது.

எண்கணிதன் கேட்ட கணக்குக்கு ஸ்டோக்கரின் விடை இதுதான்: ஒரே இரவில் இரட்டிக்காது, வெட்டிவிடவும் முடியும். ஆனாலும் குளத்தில் கல்லெறிந்த வட்டம் போல அது பரவிக்கொண்டே போகும் என்று வான் ஹெல்சிங்கே பயப்படுகிறார். ஓட்டையை முழுக்க அடைத்துவிட்டார் என்று நான் சொல்ல மாட்டேன்.

இனி மீனா. அக்டோபர் 3ஆம் தேதி விடிவதற்குள் நடப்பது கடி மட்டும் இல்லை. அவன் தன் மார்பை நகத்தால் கீறி, அவள் முகத்தை அழுத்திக் குடிக்க வைக்கிறான். எதற்கு என்றும் சொல்கிறான்: இனி நான் நினைத்தால் நீ கடல் கடந்தாவது வர வேண்டும். அந்த ரத்தம் கட்டளைக்கான கயிறு. கயிறு இரண்டு பக்கமும் இழுக்கும் என்பது அவன் எதிர்பார்க்காதது. சூரியன் உதிக்கும்போதும் மறையும்போதும் வான் ஹெல்சிங் மீனாவை அறிதுயிலில் ஆழ்த்துகிறார். அவளோ அலையின் சத்தம் கேட்கிறது, ஒரே இருட்டு என்கிறாள். அவன் கப்பலில் இருப்பது அப்படித்தான் தெரிய வருகிறது. மீனா காட்டேரி ஆகாததற்குக் காரணம் எளியது. அவள் சாகும் முன் அவன் செத்தான். அந்தக் கணத்தில் நெற்றியில் இருந்த தழும்பு மறைகிறது.

நீலக்கல்

இரண்டு பேருக்கும் ஒரே விதி என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. லூசியும் அவன் ரத்தத்தைக் குடித்திருக்க வேண்டும். விட்பியில் எத்தனை இரவு ஜன்னலோரம் தனியாக இருந்தாள்! நமக்குக் கிடைப்பது மீனாவின் குறிப்பும் லூசியின் நாட்குறிப்பும்தான், இரண்டு பேரும் அந்த நேரத்தில் தூக்கத்தில். பார்த்த சாட்சி இல்லை என்பதற்காக நடக்கவில்லை என்று சொல்ல முடியுமா? மீனாவிடம் அவன் செய்தது புதிய தண்டனை இல்லை, பழைய வழக்கம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. குடித்தவர்கள் மட்டும் மாறுகிறார்கள் என்றால் குழந்தைகள் ஏன் பிழைத்தார்கள் என்பதும் சுலபமாகப் புரிந்துவிடும்.

பழைய பிரதி

அப்படியானால் ஆர்தரை என்ன செய்வீர்கள்? சாகும் தறுவாயில் லூசி அவனை முத்தமிடக் கூப்பிடுகிறாள், வான் ஹெல்சிங் பிடித்து இழுத்துவிடுகிறார். பிறகு கல்லறையில், அந்த முத்தம் நடந்திருந்தால் நீ செத்தபின் நீயும் அவர்களில் ஒருவனாகியிருப்பாய் என்கிறார். அங்கே யாரும் யாருடைய ரத்தத்தையும் குடிக்கப் போவதில்லை.

ஸ்டோக்கர் படித்த மூலத்திலும் குடிக்கும் பேச்சு இல்லை. எமிலி ஜெரார்ட் 1885இல் டிரான்சில்வேனிய நம்பிக்கைகள் பற்றி எழுதிய கட்டுரையில், நோஸ்ஃபெராட்டு என்ற காட்டேரி கொன்ற ஒவ்வொருவரும் செத்தபின் அதுவாகவே ஆகிவிடுவார்கள் என்று மட்டும் இருக்கிறது.

நீலக்கல்

ஆர்தர் விஷயத்தில் வான் ஹெல்சிங் சொல்வது அவருடைய ஊகம். அவருக்கும் எல்லாம் தெரியாது. நான் என் கட்சியிலேயே இருக்கிறேன்.

ஒன்று மட்டும் எல்லோரும் ஒப்புக்கொள்வோம். 1976இல் ஆன் ரைஸின் இன்டர்வியூ வித் த வேம்பயர் நாவல் வந்ததிலிருந்து குடித்தால்தான் பிறப்பு என்ற விதி நிலைத்துவிட்டது. சாகும் விளிம்புவரை உறிஞ்சி, பிறகு தன் ரத்தத்தைக் கொடுக்க வேண்டும். வெறும் கடி கொல்லும், அவ்வளவுதான். சிலுவை, பூண்டு எதுவும் அவர்களை ஒன்றும் செய்யாது. மீனாவுக்கு நடந்த கொடுமை அங்கே ஒரு தாய் பால் கொடுப்பது போல மாறிவிட்டது. அதனால்தான் க்ளாடியா என்ற சிறுமி தன்னை உருவாக்கியவர்களை மன்னிப்பதில்லை. யாரோ தேர்ந்தெடுத்துச் செய்தது அது. விபத்து என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

எண்கணிதன்

இந்த விதியில் கணக்கு நிற்கிறது. விரும்பினால் மட்டுமே எண்ணிக்கை கூடும்.

நீலக்கல்

ஆமாம். கடித்தால் தொற்றும் என்ற பழைய விதியை வைத்துக்கொண்டே கணக்கைச் சமாளித்த இன்னொருவர் ஸ்வீடன்காரர் லிண்ட்க்விஸ்ட், 2004இல் வந்த லெட் த ரைட் ஒன் இன் நாவல். அதில் எலி என்ற பெயருள்ள காட்டேரிப் பிள்ளை குடித்து முடித்ததும் ஆளின் கழுத்தை முறித்துவிடும். கொடூரம் என்று நினைத்துப் படித்துக்கொண்டே வருவோம், பிறகுதான் புரியும், இன்னொன்று தன்னைப் போல உருவாகக் கூடாது என்று செய்கிறது. முறிக்க முடியாமல் போன ஒருத்தி விர்ஜினியா. அந்த நாவலை வைத்து எடுத்த படத்தில் அவளைப் பார்த்தால் பூனைகள் பாயும். கடைசியில் மருத்துவமனை ஜன்னல் திரையை விலக்கச் சொல்லி எரிந்துபோவாள். தான் என்னவாகிவிட்டோம் என்று தெரிந்து அவளே எடுக்கிற முடிவு. வெயிலில் எரிவதை இவ்வளவு வலியோடு நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

தேவி_ஈப்போ

பூண்டுக் கேள்விக்கு யாரும் வரவில்லையே என்று எழுதுகிறேன். எங்கள் பக்கம் பூண்டு கிடையாது, முள்தான். மலாய்க்காரர்கள் சொல்லும் பெனாங்கலான் தெரியுமா? பகலில் சாதாரணப் பெண், பெரும்பாலும் மருத்துவச்சி என்பார்கள். இரவில் தலை மட்டும் கழன்று, குடல் தொங்கப் பறந்து வரும். பிள்ளை பெற்றவளின் ரத்தம்தான் அதற்கு வேண்டும். நான் சிறுபிள்ளையாக இருந்தபோது தோட்டத்தில் பக்கத்து லயத்தில் பிரசவம் என்றால், மலாய்க் கிராமத்திலிருந்து மெங்குவாங் இலை கொண்டுவந்து ஜன்னலில் கட்டுவதைப் பார்த்திருக்கிறேன். தாழம்பூ இலை மாதிரி, ஓரமெல்லாம் முள். தொங்குகிற குடல் அதில் மாட்டிக்கொள்ளும் என்று பாட்டி சொல்வார். திரும்பிப் போனதும் குடலைக் காடியில் ஊறவைத்துச் சுருக்கித்தான் உடம்புக்குள் திணிக்குமாம். அதனால் காடி வாடை வீசுகிற பெண்ணைச் சந்தேகப்படுவார்கள்.

எனக்கு இதில் பிடித்தது, முள் ஏன் வேலை செய்கிறது என்பதற்குக் காரணம் உண்டு. பூண்டுக்கு என்ன காரணம்? வாடை மட்டுமா?

பழைய பிரதி

தேவி அக்கா, ருமேனியாவில் நவம்பர் கடைசியில் புனித அந்திரேயா நாளின் முந்தின இரவு கதவு, ஜன்னல் எல்லாவற்றிலும் பூண்டு தேய்ப்பார்கள். காரணம் வாடையா, அதன் காரமா என்று ஊருக்கு ஊர் ஒன்று சொல்வார்கள். நாவலில் அது எப்படி வேலை செய்கிறது என்பதை மட்டும் நான் சொல்கிறேன், ஏனென்றால் வெண்ணிலா கேட்டது போலப் பூண்டு தோற்றது என்று பலரும் நினைக்கிறார்கள்.

வான் ஹெல்சிங் ஹார்லெமிலிருந்து பூண்டுப் பூக்களை வரவழைக்கிறார். பல் இல்லை, பூ. ஜன்னல் சட்டத்தில், கதவு நிலையில், கணப்படுப்பைச் சுற்றி எல்லா வழியிலும் தேய்க்கிறார், லூசி கழுத்தில் மாலையாகவும் போடுகிறார். முதல் இரவு லூசியின் அம்மா, அறையில் காற்றில்லை, வாடை மூச்சை அடைக்கிறது என்று பூக்களையெல்லாம் எடுத்துவிட்டு ஜன்னலையும் திறந்துவைக்கிறாள். காலையில் மகளுக்கு நல்லது செய்ததாக வந்து சொல்கிறாள்.

செப்டம்பர் 17ஆம் தேதி இரவு இன்னும் மோசம். காவலுக்குப் போகும்படி செவர்டுக்கு வந்த தந்தியில் எந்த மாவட்டம் என்று எழுதவில்லை. அது வேறு ஊருக்குப் போய் 22 மணி நேரம் தாமதமாக வருகிறது. வீட்டில் ஆண் துணை இல்லை. டிராகுலாவால் பூவைத் தாண்ட முடியவில்லை, அதனால் மிருகக்காட்சி சாலையிலிருந்து தப்பிய ஓநாயை வைத்து ஜன்னலை உடைக்கிறான். ஓநாயின் தலையைப் பார்த்த அதிர்ச்சியில் அம்மா சாய்கிறாள், சாயும்போது கைக்கு அகப்பட்ட மாலையைப் பிய்த்துக்கொண்டே விழுகிறாள். இரண்டு தடவையும் பூண்டை எடுத்தது பெற்ற தாயின் கை.

இதைவிட நுணுக்கமானது லூசியின் கடைசி இரவு. செவர்ட் கட்டிலருகே உட்கார்ந்து கவனிக்கிறார். விழித்திருக்கும்போது பூக்களை நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறாள். கண் செருகி மூச்சு இரைக்கத் தொடங்கினால் அதே கையால் தள்ளிவிடுகிறாள். மறுபடி விழித்தால் மறுபடி அணைப்பு. ஒரே உடம்புக்குள் இரண்டு பேர் மாறி மாறி வருவதைப் பூண்டு காட்டிக்கொடுக்கிறது.

வெண்ணிலா_ஆரணி

அந்தப் பக்கத்தை வேகமாகத் தாண்டிவிட்டேன் போல. இப்போதே எடுத்துப் பார்க்கிறேன். மெய்சிலிர்க்கிறது.

கடல்நுரை

அப்போ கிராமத்திலும் கடித்தால் காட்டேரி என்றுதானே நம்பியிருப்பார்கள்? ஜெரார்ட் எழுதியிருக்கிறாரே.

பழைய பிரதி

இடத்துக்கு இடம் வேறு. 1732 அறிக்கையில் இருக்கும் அர்னால்ட் பாவ்லேயின் கதையைப் பாருங்கள். மெத்வெஜா என்ற செர்பியக் கிராமம், எழுதியவர் ராணுவ மருத்துவர் ஃப்ளூக்கிங்கர். பாவ்லே உயிரோடிருந்தபோது தன்னை ஒரு காட்டேரி தொல்லை செய்ததாகவும், அதிலிருந்து விடுபட அதன் கல்லறை மண்ணைத் தின்று, அதன் ரத்தத்தை உடம்பில் பூசிக்கொண்டதாகவும் சொல்லியிருக்கிறார். கவனியுங்கள், காட்டேரியின் ரத்தம் அங்கே பரிகாரம். பிறகு வைக்கோல் வண்டியிலிருந்து விழுந்து கழுத்து முறிந்து செத்தார். சில வாரத்தில் அவர் வந்து தொல்லை செய்வதாக ஊரில் சிலர் சொன்னார்கள், நான்கு பேர் செத்தார்கள். நாற்பதாம் நாள் தோண்டி, நெஞ்சில் கழு அடித்து எரித்தார்கள்.

சில வருடம் கழித்து மறுபடி மூன்று மாதத்தில் பதினேழு பேர் செத்தபோது ஊர்க்காரர்கள் சொன்ன காரணம், பாவ்லே ஆடுமாடுகளையும் தாக்கியிருந்தான், அந்தக் கறியைச் சாப்பிட்டவர்களும் ஆகிவிட்டார்கள் என்பது. ஸ்தனாய்க்கா என்ற இளம்பெண் நள்ளிரவில் அலறி எழுந்து, செத்துப்போன மில்லோ தன் கழுத்தை நெரித்தான் என்றாள், நெஞ்சு வலித்தது, மூன்றாம் நாள் செத்தாள். நெரித்தான் என்றுதான் சொன்னாள், கடித்தான் என்று இல்லை. கழுத்தில் இரண்டு பல் தடம் என்ற படத்தை மனதில் வைத்துக்கொண்டு போனால் அந்த அறிக்கையில் ஒன்றும் கிடைக்காது.

இளவேனில்

தாமதமாக வருகிறேன். நான் இணையத்தில் ஒரு தொடர்கதை எழுதிக்கொண்டிருக்கிறேன், களம் நம்ம ஊர்ப் பக்கம், டெல்டா கிராமம். எல்லோரும் சொல்வதைப் படித்தேன். எனக்கு எது சரியான விதி என்று மட்டும் சொல்லுங்கள், அதையே வைத்துக்கொள்கிறேன். வெயிலில் வரலாமா கூடாதா?

நீலக்கல்

சரியான விதி என்று ஒன்று இருந்தால் இந்த இழையே தேவைப்பட்டிருக்காது தம்பி. உங்கள் கதையில் கடிபட்டவளுக்கு என்ன ஆகிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். வெயில் அதற்கு அப்புறம்.

இளவேனில்

கடிபட்டவள் உடனே மாறக் கூடாது. லூசி மாதிரி நாற்பது நாள். வீட்டில் பூண்டு வதக்கினால் எழுந்து கொல்லைக்குப் போகிறாள், மாமியார் மசக்கை என்று நினைக்கிறாள். இரண்டாவது அத்தியாயத்தில் தாத்தா ஒருத்தரை அது கடித்துச் சாகடித்துவிட்டது. அவர் கடைசி அத்தியாயத்தில் எழுந்து வர வேண்டும்.

பழைய பிரதி

மசக்கை நல்ல யோசனை, லூசியின் அம்மா செய்ததை உங்கள் மாமியார் செய்கிறாள். ஆனால் தாத்தாவை எரித்தீர்களா, புதைத்தீர்களா? நாம் இதுவரை பேசிய ஐரோப்பியக் கதைகள் எல்லாமே புதைக்கும் ஊர்களில் பிறந்தவை. எரித்துவிட்டால் எழுந்துவர உடம்பு இல்லை. செர்பியாவில் கடைசியாகச் செய்யும் பரிகாரமே எரிப்பதுதான்.

இளவேனில்

இரண்டாவது அத்தியாயத்தில் சுடுகாட்டில் சிதை மூட்டியதாக எழுதி வெளியிட்டும் விட்டேன். மகன் கொள்ளி வைக்கிற காட்சிக்குத்தான் நிறையப் பேர் கருத்துப் போட்டிருந்தார்கள்.

தேவி_ஈப்போ

அப்படியென்றால் தாத்தாவை விட்டுவிடுங்கள் தம்பி. அந்த ஊரில் புதைக்கிற வழக்கம் உள்ள குடும்பம் எது? அங்கே யார் செத்தார்கள்?